அதிகார முகவரை எழுத்து மூலம் விலக்குதல்

அதிகார முகவரை விலக்குதல் என்பது, தன் சார்பில் செயல்படும்படி ஒருவருக்குக் கொடுத்த அதிகாரத்தை, கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொள்வதாகும். வெளிநாட்டிலோ வெளியூரிலோ வசிப்பவர்கள் ஊரில் உள்ள வீட்டைக் கவனிக்க ஒருவரை நியமிக்கிறார்கள். வாடகை வாங்குவது, வீட்டு வரி கட்டுவது, பழுது பார்ப்பது, குடியிருப்பவரோடு ஒப்பந்தம் போடுவது என்று அவருடைய பொறுப்புகள் விரியும். பலர் இதற்குப் பொது அதிகார ஆவணம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். பேச்சு வழக்கில் இது 'பவர் பத்திரம்' எனப்படுகிறது. அதைத் திரும்பப் பெறுவது 'பவர் ரத்து'.

இந்தியாவில் இது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி நடக்கிறது. அச்சட்டத்தில் அதிகாரம் கொடுத்தவர் முதல்வர் என்றும், பெற்றவர் முகவர் என்றும் அழைக்கப்படுகிறார்கள். முகவருடைய அதிகாரம் முடிவுக்கு வரும் வழிகளைச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு கூறுகிறது. முதல்வர் ரத்து செய்வது, முகவரே விலகிக்கொள்வது, ஒப்படைத்த வேலை முடிந்துபோவது, இருவரில் ஒருவர் இறப்பது அல்லது மனநிலை பிறழ்வது, முதல்வர் நொடித்துப்போவது ஆகியவை அவை. இக்கட்டுரை முதல்வர் ரத்து செய்வதைப் பற்றியது.

ரத்து எப்போது செல்லுபடியாகிறது

ரத்துக் கடிதத்தில் கையெழுத்திட்டதும் முகவரின் அதிகாரம் போய்விட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 208-ஆம் பிரிவின்படி, ரத்து முகவருக்குத் தெரியவந்த பிறகுதான் முகவரைக் கட்டுப்படுத்தும். அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் மூன்றாம் நபருக்கு, அந்த நபருக்குத் தெரியவந்த பிறகுதான் செல்லுபடியாகும். இவை இரண்டும் வேறு வேறு நேரங்கள். இரண்டுக்கும் இடையில் கிடக்கும் நாட்களில்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

இதை விளக்கச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் உள்ள தன் பஞ்சை விற்கும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்க வேண்டாம், பஞ்சைச் சென்னைக்கு அனுப்பிவிடுக என்று இரண்டாவது கடிதம் எழுதுகிறார். அது கைக்குக் கிடைத்த பின்னும் முகவர் பஞ்சை ஒரு வணிகருக்கு விற்கிறார். வணிகருக்கு முதல் கடிதம் மட்டுமே தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் பணம் கொடுத்ததும் முகவர் பணத்தோடு ஓடிவிடுகிறார். இங்கே வணிகர் பணம் கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறது சட்டம். இழப்பு சென்னைக்காரருக்கு. முகவருக்கு அறிவித்தார், பஞ்சை வாங்க வருபவர்களுக்கு அறிவிக்கவில்லை என்பதே அதன் காரணம்.

பஞ்சின் இடத்தில் வாடகையையும், வணிகரின் இடத்தில் குடியிருப்பவரையும் வைத்துப் பார்த்தால் இன்றைய வீட்டு உரிமையாளரின் நிலை விளங்கும்.

ரத்து வாய்மொழியாகவோ நடத்தையாலோ கூட நிகழலாம். 207-ஆம் பிரிவுக்கான உதாரணமே ஒரு வீடுதான்: வீட்டை வாடகைக்கு விட ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டு, உரிமையாளர் தானே வாடகைக்கு விட்டால், அது மறைமுகமான ரத்து. ஆனால் அப்படி நடந்ததைப் பின்னாளில் நிரூபிப்பது கடினம். எழுத்து தேவைப்படுவது ரத்து பிறப்பதற்காக அல்ல. யாருக்கு, எந்த நாளில் அது தெரிந்தது என்பதைக் காட்டுவதற்காக.

முதலில் பழைய ஆவணத்தைப் படித்தல்

கடிதம் எழுத உட்காரும் முன், கொடுத்த அதிகார ஆவணத்தை முழுதாகப் படிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் கையெழுத்திட்ட ஆவணத்தில் என்ன இருக்கிறது என்பது உரிமையாளருக்கே மறந்துபோயிருக்கும். வாடகை வசூலிக்க மட்டும் கொடுத்ததாக நினைத்திருப்பார். எழுத்தரின் வழக்கமான படிவத்தில் விற்கவும் அடமானம் வைக்கவும் கூட அதிகாரம் எழுதப்பட்டிருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, ரத்து செய்ய முடியாத வகையைச் சேர்ந்த அதிகாரமா என்பது. 202-ஆம் பிரிவின்படி, அந்தச் சொத்திலேயே முகவருக்கு ஓர் உரிமை நலன் இருந்தால், அந்த நலனுக்குப் பாதகமாக அதிகாரத்தை ரத்து செய்ய முடியாது. கடன் வாங்கியவர், தன் நிலத்தை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளும்படி கடன் கொடுத்தவருக்கே அதிகாரம் எழுதிக் கொடுப்பது இந்த வகை. வீட்டைக் கவனித்துக்கொள்பவருக்கு மாதந்தோறும் கிடைக்கும் கூலியோ கமிஷனோ அப்படிப்பட்ட நலன் ஆகாது. அது வேலைக்கான ஊதியம் மட்டுமே. 'இது ரத்து செய்ய இயலாத அதிகாரம்' என்று ஆவணத்தில் எழுதியிருப்பதால் மட்டும் அது அப்படி ஆகிவிடுவதும் இல்லை. உண்மையில் முகவருக்குச் சொத்தில் நலன் உண்டா என்பதே கேள்வி. கட்டட நிறுவனம் ஒன்றுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த அதிகாரம் வேறு விஷயம். அதை வழக்கறிஞரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஆவணத்திலோ தனி ஒப்பந்தத்திலோ காலம் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு என்று சொல்லி நியமித்துவிட்டு, போதிய காரணமின்றி ஒரே ஆண்டில் விலக்கினால் ரத்து செல்லும், ஆனால் முகவருக்கு இழப்பீடு தர நேரிடலாம். காலம் குறிக்கப்படாவிட்டாலும் நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும். வாடகையைக் கட்டாமல் வைத்துக்கொண்டவருக்கு எவ்வளவு முன்னறிவிப்பு நியாயம் என்பது, பத்து ஆண்டு ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு எவ்வளவு நியாயம் என்பதிலிருந்து வேறுபடும்.

ஓர் எடுத்துக்காட்டு

கீழே வருவது விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு. துபாயில் வேலை பார்க்கும் ஒருவருக்குத் திருச்சியில் ஒரு வீடு இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வந்தபோது, தெரிந்தவர் ஒருவருக்குப் பொது அதிகார ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுத்தார். மாத ஊதியம் 1,500 ரூபாய். வீட்டில் குடியிருப்பவர் மாதம் 18,000 ரூபாய் வாடகையை முகவரிடம் கொடுக்கிறார். குடிவந்தபோது மூன்று மாத வாடகையான 54,000 ரூபாயை முன்பணமாகவும் அவரிடமே கொடுத்திருக்கிறார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாத வாடகையை முகவர் துபாய்க்கு அனுப்பவில்லை. கேட்டால் மோட்டார் பழுது, வரி என்று பதில் வருகிறது. கணக்கு வரவில்லை.

உரிமையாளர் மார்ச் 3-ஆம் தேதி ரத்துக் கடிதம் எழுதுகிறார். 5-ஆம் தேதி திருச்சியில் உள்ள அவருடைய தங்கை அதை அஞ்சலில் சேர்க்கிறார். முகவர் 10-ஆம் தேதி கையெழுத்திட்டு வாங்குகிறார். குடியிருப்பவருக்கும் எழுத வேண்டும் என்பது உரிமையாளருக்குப் பிறகுதான் தோன்றுகிறது. அந்தக் கடிதம் 12-ஆம் தேதி போய்ச் சேர்கிறது.

இடையில் குடியிருப்பவர் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறார். மார்ச் மாத வாடகையை 7-ஆம் தேதி கொடுத்தார். அப்போது முகவருக்கும் தெரியாது, குடியிருப்பவருக்கும் தெரியாது. இதில் சிக்கல் இல்லை. வாடகை செலுத்தப்பட்டதாகவே கணக்கு, முகவர் அதை உரிமையாளருக்கு ஒப்படைக்க வேண்டும். 11-ஆம் தேதி, கடிதம் கைக்கு வந்த மறுநாள், முகவர் குடியிருப்பவரிடம் போய், 'வீட்டுக்காரருக்கு அவசரம், இரண்டு மாத வாடகையை முன்கூட்டித் தாருங்கள்' என்று 36,000 ரூபாய் வாங்கிவிட்டார். முகவருக்கு அதிகாரம் இல்லை என்பது முகவருக்குத் தெரியும். ஆனால் குடியிருப்பவருக்குத் தெரியாது. எனவே குடியிருப்பவர் ஏப்ரல், மே மாத வாடகையைச் செலுத்திவிட்டார் என்பதுதான் சட்டத்தின் நிலை. உரிமையாளர் அவரிடம் மீண்டும் கேட்க முடியாது, முகவரிடம்தான் வசூலிக்க வேண்டும். இதே பணத்தைக் குடியிருப்பவர் 13-ஆம் தேதி கொடுத்திருந்தால் நிலை தலைகீழாகியிருக்கும்: ரத்து தெரிந்த பின் கொடுத்தது உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

ஆக, குடியிருப்பவருக்கு எழுதுவதில் ஏற்பட்ட தாமதத்தின் விலை 36,000 ரூபாய். இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் போயிருந்தால், அதுவும் அன்றே கைப்பேசியில் நகல் அனுப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால், இந்த இடைவெளி ஏறத்தாழ இல்லாமல் போயிருக்கும்.

முகவர் ஏற்கெனவே செய்து முடித்தவற்றையும் ரத்து அழிக்காது. குடியிருப்பவரோடு அவர் போட்ட வாடகை ஒப்பந்தம் உரிமையாளரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும். 54,000 ரூபாய் முன்பணம் தன் கைக்கு வரவே இல்லை என்று உரிமையாளர் சொல்லலாம். ஆனால் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்யும்போது அதைத் திருப்பித் தர வேண்டியவர் உரிமையாளரே. 204-ஆம் பிரிவின் பொருள் இதுதான்.

முகவருக்கான கடிதம்

ரத்துக் கடிதத்தில் மனத்தாங்கலைக் கொட்டுவது இயல்பான ஆசை. அது கடிதத்தைக் கெடுக்கும். குற்றச்சாட்டு நீண்டால் முகவரின் பதிலும் நீளும், ரத்து என்ற ஒரு செய்தி அதில் மங்கிவிடும். 'இனித் தங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை', 'வேறு ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறேன்' போன்ற மென்மையான வரிகளும் ஆபத்தானவை. அவற்றை ரத்து என்று படிக்காமலும் இருக்கலாம். ரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. காலம் குறித்த ஒப்பந்தத்தை முன்கூட்டி முறிக்கும்போது மட்டும் காரணத்தைச் சுருக்கமாகச் சேர்ப்பது பயன்படும்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்குக் கடிதத்தின் உடல் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

'ஐயா,

திருச்சிராப்பள்ளியில் ____ தெரு, கதவு எண் ____ உள்ள என் வீடு தொடர்பாக, ____ தேதியில் தங்களுக்கு எழுதிக் கொடுத்து, ____ சார்பதிவாளர் அலுவலகத்தில் ____ ஆண்டின் ____ எண் ஆவணமாகப் பதிவு செய்யப்பட்ட பொது அதிகார ஆவணத்தையும், அதே வீடு தொடர்பாகத் தங்களுக்கு நான் எழுத்தாலோ வாய்மொழியாலோ கொடுத்த மற்ற எல்லா அதிகாரங்களையும் இதன் மூலம் முழுமையாக ரத்து செய்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த நேரம் முதல் தாங்கள் என் சார்பில் வாடகையோ வேறு பணமோ பெறவும், ஒப்பந்தம் எழுதவும், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ பேசவும் கூடாது.

தாங்கள் என் சார்பில் பெற்ற தொகை, செய்த செலவு ஆகியவற்றின் கணக்கை ரசீதுகளோடு 15 நாட்களுக்குள் தருமாறும், அசல் அதிகார ஆவணம், வாடகை ஒப்பந்தம், வரி மற்றும் மின்கட்டண ரசீதுகள், வீட்டுச் சாவிகள் ஆகியவற்றை ____ அவர்களிடம் ஒப்படைத்து ஒப்புதல் பெறுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.'

இதில் 'மற்ற எல்லா அதிகாரங்களையும்' என்ற சொற்கள் தேவையானவை. பதிவு செய்த ஆவணத்தை மட்டும் ரத்து செய்துவிட்டு, மின்வாரியத்துக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ முன்பு கொடுத்த அனுமதிக் கடிதத்தை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வங்கிக் கணக்கை இயக்க அனுமதி கொடுத்திருந்தால், வங்கிக்கு அன்றே தனியாக எழுத வேண்டும். முகவர் தனக்குக் கீழே வேறொருவரை நியமித்திருந்தால், முகவரின் அதிகாரத்தோடு அவருடையதும் முடிந்துபோகிறது. ஆனால் அவருக்கும் ஒரு நகல் போவது நல்லது.

கடிதத்தை அனுப்பும் முறைக்கும் எடை உண்டு. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவு அஞ்சலில் அனுப்பிய கடிதம் உரிய காலத்தில் சேர்ந்ததாகவே நீதிமன்றம் பொதுவாக அனுமானிக்கும். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் அறிவித்ததாகக் கொள்ளப்படுவது வழக்கம். இந்திய அஞ்சல் துறை 2025-ல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டது. எனவே இப்போது விரைவு அஞ்சலில், பெறுநரிடமே கொடுத்து ஒப்புதல் பெறும் வசதியைக் கேட்டு அனுப்ப வேண்டும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அதே கடிதத்தின் படத்தை அனுப்புவது அஞ்சலுக்கு மாற்று அல்ல. ஆனால் தெரியவந்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர இது உதவும். முகவர் 'பார்த்தேன்' என்று ஒரு வரி பதில் போட்டால், அஞ்சல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருந்தால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு அதை நீதிமன்றத்தில் காட்டலாம்.

குடியிருப்பவருக்கான கடிதம்

குடியிருப்பவர் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். மாதாமாதம் முகத்தைப் பார்ப்பது முகவரை. உரிமையாளரை அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். திடீரென்று அறியாத எண்ணிலிருந்து 'இனி வாடகையை இந்தக் கணக்கில் போடுங்கள்' என்று செய்தி வந்தால், அதை மோசடி என்று அவர் சந்தேகிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆகவே அவருக்கான கடிதம் நம்பும்படி இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றிலிருந்தே எழுத வேண்டும். முகவருக்கு அனுப்பிய ரத்துக் கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். இதுவரை முகவரிடம் கொடுத்த வாடகையும் முன்பணமும் ஏற்கப்படுகின்றன என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் அவருடைய அச்சம் பாதி குறையும். அதன் பிறகே புதிய வங்கிக் கணக்கு விவரம்.

அவரிடமிருந்து ஒன்றைக் கேட்டு வாங்குவதும் நல்லது: இதுவரை யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல், கையெழுத்தோடு. பின்னால் முகவர் தரும் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டமும் சொத்து மேலாளர் என்பவரை ஏற்றுக்கொண்டு, வாடகைக்கு ரசீது தருவதை அவருடைய கடமைகளில் சேர்த்திருக்கிறது. ரசீது இல்லையென்றால் வங்கிப் பரிமாற்ற விவரமே போதும்.

பதிவு செய்த ஆவணத்தை ரத்து செய்தல்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், அசையாச் சொத்து தொடர்பான அதிகார ஆவணங்களைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவுக்கு வெளியே எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இப்படிப் பதிவான அதிகாரத்துக்குக் கடிதம் மட்டும் போதாது. கடிதம் முகவரையும் குடியிருப்பவரையும் சேரும். வீட்டை வாங்க வரக்கூடிய முகம் தெரியாத ஒருவரைச் சேராது. அவர் பார்ப்பது பதிவுத் துறையின் பதிவேட்டை. அங்கே அதிகார ஆவணம் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால், தெரியாமல் வாங்கிய மூன்றாம் நபர் என்ற வாதம் அவருக்குக் கிடைக்கும். எனவே ரத்து ஆவணம் ஒன்றை எழுதி, பழைய ஆவணம் பதிவான அதே அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சாதாரண அதிகாரத்தை ரத்து செய்ய முகவரின் கையெழுத்து தேவையில்லை. முகவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் அஞ்சல் ரசீதையும் உடன் கொண்டுபோவது நல்லது. முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், பதிவு செய்யும் வாரத்தில் tnreginet.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகவர் அதிகார ஆவணத்தின் பேரில் கிரயம் எழுத வரும்போது, அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற உயிர்ச் சான்றைத் தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்கள் கேட்கின்றன. இது உரிமையாளருக்குப் பாதுகாப்பு என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். அந்தச் சான்று அவர் உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்கிறது. அவருடைய சம்மதம் இன்னும் இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை.

துபாயில் இருக்கும் உரிமையாளரால் உடனே வர முடியாது. அவருக்குள்ள வழி சற்றுச் சுற்று வழி. ரத்து ஆவணத்தையும், அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்யத் தன் தங்கைக்கு அதிகாரம் தரும் ஒரு சிறப்பு அதிகார ஆவணத்தையும் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரியின் முன் கையெழுத்திட்டுச் சான்றுறுதி பெறுகிறார். பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதை ஏற்கிறது. அசல்கள் திருச்சிக்கு வந்ததும் இரண்டு கெடுக்கள் ஓடத் தொடங்குகின்றன: இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும், வந்த நான்கு மாதத்துக்குள் ரத்து ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வந்த நாளைக் காட்டக் கூரியர் உறையையும் ரசீதையும் வைத்திருக்க வேண்டும். சிறப்பு அதிகாரத்தில் 'தாக்கல் செய்யவும், எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ளவும்' என்ற இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தங்கை வெறுங்கையோடு திரும்ப நேரும்.

எதை முதலில் செய்வது என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. ஆவணத்தில் விற்கும் அதிகாரம் இல்லையென்றால் கடிதங்களை உடனே அனுப்பிவிடலாம். விற்கும் அதிகாரமும் இருந்து, முகவர் மீது சந்தேகமும் இருந்தால், கடிதமே அவரை அவசரப்படுத்தக்கூடும். அப்போது தூதரக வேலையை முடித்து, ரத்து ஆவணம் பதிவாகும் நாளிலேயே கடிதங்கள் போகும்படி ஏற்பாடு செய்வது பாதுகாப்பானது. சார்பதிவாளருக்கு ஆட்சேபக் கடிதம் கொடுத்து வைப்பதில் தவறில்லை, ஆனால் அது பதிவான ரத்துக்கு ஈடாகாது. பதிவு முடிந்த ஒரு வாரத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ரத்து அதில் ஏறியிருக்கிறதா, இடைப்பட்ட காலத்தில் வேறு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நாளிதழில் பொது அறிவிப்பு கொடுப்பது பழைய வழக்கம். வழக்கு வந்தால் அது ஒரு துணைச் சான்றாகும். குடியிருப்பவர் அந்த நாளிதழை வாங்குபவரா, அந்தப் பக்கத்தைப் படித்தாரா என்று கேட்டால் பதில் இருக்காது. அறிந்த நபர்களுக்கு நேரடிக் கடிதம், அறியாதவர்களுக்குப் பதிவேடு, அதற்கு மேல் விருப்பமிருந்தால் நாளிதழ்.

கணக்கும் சாவியும்

ரத்துக் கடிதம் வந்ததும் பல முகவர்கள் சொல்லும் முதல் பதில், 'எனக்கு வர வேண்டியது வரட்டும், பிறகு சாவி தருகிறேன்' என்பது. இது முழுக்க அடாவடி அல்ல. மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், தனக்குச் சேர வேண்டிய கமிஷனும் செய்த செலவும் கிடைக்கும் வரை முதல்வரின் ஆவணங்களையும் சொத்தையும் நிறுத்திவைக்க முகவருக்கு 221-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆகவே கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சண்டைக்குப் போகக் கூடாது.

திருச்சி வீட்டுக் கணக்கு இப்படி வருகிறது. முகவர் கைக்கு வந்தது: நான்கு மாத வாடகை 72,000, மார்ச் வாடகை 18,000, பிறகு வாங்கிய 36,000, முன்பணம் 54,000. கூட்டினால் 1,80,000 ரூபாய். அவருக்குச் சேர வேண்டியது: மோட்டார் பழுதுக்கு ரசீதோடு 14,500, வீட்டு வரி 3,200, நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாத ஊதியம் 7,500. மொத்தம் 25,200 ரூபாய். கழித்தால் அவர் தர வேண்டியது 1,54,800 ரூபாய். தனக்குச் சேர வேண்டியதைவிடப் பல மடங்கு அவர் கையிலேயே இருப்பதால், சாவியை நிறுத்திவைக்க அவருக்குக் காரணம் இல்லை. இதே கணக்கில் அவர் வாடகையை ஒழுங்காக அனுப்பிவிட்டு, பழுதுச் செலவைத் தன் கைக்காசில் செய்திருந்தால், அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்குவதே முறை.

சாவி, ஆவணங்கள் கைமாறும்போது இரண்டு பிரதிகளில் ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அசல் அதிகார ஆவணம் கிடைக்கவில்லை, தொலைந்துவிட்டது என்று முகவர் சொன்னால், அதை எழுதியே வாங்கிக்கொள்ள வேண்டும். அசல் வெளியே சுற்றிக்கொண்டிருந்தாலும் பதிவான ரத்து ஆவணம் அதன் பல்லைப் பிடுங்கிவிடும்.

கணக்கு கேட்பதற்குக் காலவரம்பு உண்டு. முகவர் பெற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டவில்லை என்று முதல்வர் தொடுக்கும் வழக்குக்கு, 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டுகளை அனுமதிக்கிறது. முகவர் பொறுப்பில் இருக்கும்போதே கணக்கு கேட்டு அவர் மறுத்திருந்தால் அந்த நாளிலிருந்தும், கேட்கவே இல்லையென்றால் அதிகாரம் முடிந்த நாளிலிருந்தும் இது எண்ணப்படும். அதாவது ரத்துக் கடிதம் ஒரு கடிகாரத்தையும் ஓடவிடுகிறது. முன்னரே எழுத்தில் கணக்கு கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் அந்தக் கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பணத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டதற்குத் தெளிவான சான்று இருந்தால், நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின் கீழ் காவல் நிலையத்தில் புகார் தரவும் வழி உண்டு. வெறும் கணக்குத் தகராறைக் காவல் நிலையம் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்துக்கே அனுப்பிவைக்கும்.

திருச்சி வீட்டுக்குப் புதிதாக ஒருவரை நியமிக்கும்போது, பழைய படிவத்தையே நகலெடுக்காமல் வாடகை வசூல், வரி, பழுது என்று தேவையானதை மட்டும் எழுதி, விற்பனை அதிகாரத்தை விட்டுவிடலாம். வாடகை நேராக உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போகும்படியும், பழுதுச் செலவுக்கு ஒரு மாத உச்சவரம்பும் வைத்து எழுதலாம். அவரை விலக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, கடிதத்தை எந்த முகவரிக்கும் எந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பினால் அறிவித்ததாகக் கொள்ளப்படும் என்பதையும் அந்த ஆவணத்திலேயே சேர்த்துவிட முடியும்.